லீவைப் பத்தி மட்டும் சொல்லுங்கோ

ஹம்ஸினியைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லத் தெரியாதவன் என்று என்னை யாரும் சொல்ல முடியாது. நாலு கேட்டால் நாற்பது சொல்வேன். சொன்னேன். அதில்தான் வந்தது வினை.

என் பெயர் இருதயராஜ். சொந்த ஊர் தூத்துக்குடி. அமீர்பேட்டில் ஒரு கோர்ஸ் முடித்தால் வேலை நிச்சயம் என்று எவனோ சொன்னதை நம்பி 1999-இல் ஹைதராபாத் வந்தவன். கோர்ஸ் முடித்தேன், வேலையும் கிடைத்தது. பத்து வருஷத்தில் கொண்டாப்பூரில் வீடு, மனைவி ராஜம், ஒரு பெண் குழந்தை, மாதாப்பூரில் ஒரு நடுத்தரமான சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்ட் மேனேஜர் என்கிற பட்டம். குறை சொல்ல ஒன்றுமில்லை. ராகவேந்திரா என்று ஒருவன் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் நான் ரொம்ப சந்தோஷமான மனுஷன்.

அவனும் நானும் ஒரே நாளில் அந்தக் கம்பெனியில் சேர்ந்தோம். அவன் செகந்திராபாத்துக்காரன். அப்பா ரயில்வே. தமிழ், தெலுங்கு, உருது எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் போட்டுப் பேசுவான், எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், உள்ளே கொதித்துக்கொண்டே. அவன் ப்ராஜெக்ட் மேனேஜர் ஆனான். இரண்டு தடவை அமெரிக்கா போய்வந்தான். நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். அதெல்லாம்கூடப் போகட்டும் என்று விட்டுவிடுவேன். ஹம்ஸினியை என் டீமிலிருந்து அவன் ப்ராஜெக்டுக்குக் கூட்டிக்கொண்டு போனானே, அதை என்னால் விட முடியவில்லை.

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு அவள் தங்கை மாதிரி. 2003-இல் காலேஜிலிருந்து நேராக என் டீமில் வந்து விழுந்தவள். அவள் அப்பா பாதுகாப்புத் துறை ஆராய்ச்சிக்கூடத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். குவார்ட்டர்ஸிலேயே பிறந்து வளர்ந்த பெண். தமிழ் நன்றாகப் பேசுவாள், ஆனால் கோபம் வந்தால் தெலுங்குதான் வரும். முதல் வாரம் அவள் எழுதிய டெஸ்ட் கேஸைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன். ‘இதை வச்சு ஒரு பிழையைக்கூட நீ பிடிக்க மாட்ட’ என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அவள் அழவில்லை. ‘அப்போ எப்படி எழுதணும், காட்டுங்கோ’ என்றாள். காட்டினேன். ஒரு வருஷம் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினேன். மூன்றாவது வருஷம் நான் பார்க்காமல் விட்டதை அவள் பிடித்தாள். எனக்கு அன்றைக்குச் சாப்பாடே தேவைப்படவில்லை, அவ்வளவு பெருமை.

அப்புறம் 2007-இல் அவள் புருஷன் மாதவ் பைக்கில் போகும்போது லாரி இடித்துத் தொடை எலும்பு முறிந்தது. இரண்டு ஆபரேஷன். ஹம்ஸினி நாலு மாதம் சம்பளமில்லாத லீவு எடுத்தாள். அந்த லீவு ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டவன் நான். போவதற்கு முன்னால் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து பதினோரு பக்கத்துக்கு ஹேண்டோவர் எழுதி அனுப்பினாள்: எந்த வேலை எங்கே நிற்கிறது, யாரிடம் கேட்க வேண்டும், எது உடைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று. அந்த நாலு மாதமும் ஒரு ரிலீஸ்கூடத் தள்ளிப்போகவில்லை. திரும்பி வந்த பிறகு ஒன்றரை வருஷத்தில் பண்டிகை விடுமுறையைத் தவிர ஒரு நாள் அவள் லீவு எடுத்ததில்லை.

திரும்பி வந்தது என் டீமுக்கு. நாலே மாதத்தில் ராகவேந்திரா அவளைக் கேட்டான், மேலிடம் கொடுத்துவிட்டது. அவனிடம் போய் 2008-இல் அவள் லீட் ஆனாள். அதற்குப் பிறகு மீட்டிங்கில் அவன் ‘என் ஹம்ஸினி இருக்காளே’ என்பான். என் ஹம்ஸினியாம்! நட்டது நான், தண்ணி ஊற்றியது நான், பூவைப் பறித்துச் சட்டையில் குத்திக்கொண்டவன் அவன்.

2009 ஜனவரியில் அமெரிக்கக் கிளையன்ட் கையை விரித்துவிட்டான். ராகவேந்திராவின் ப்ராஜெக்ட் மார்ச்சோடு முடிகிறது. வேறு ப்ராஜெக்ட் கிடைக்காதவர்களை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த வருஷம் யாருக்கும் வேறு ப்ராஜெக்ட் கிடைக்கவில்லை. மாதவ் வேலை பார்த்த இடத்தை டிசம்பரிலேயே மூடிவிட்டார்கள். குகட்பள்ளியில் அந்த வீடு முழுக்க இவள் சம்பளத்தில் நின்றது. அலைந்து திரிந்து ஹம்ஸினி ஒரு இடம் பிடித்தாள். கச்சிபௌலியில் ஒரு கம்பெனி, மூன்று சுற்று இன்டர்வியூ முடிந்துவிட்டது. ரெஃபரன்ஸ் மட்டும் பாக்கி. அவளை மேய்த்த இரண்டு பேரிடம் ஃபோனில் விசாரிப்பார்கள். இரண்டு பேர் பெயரும் மொபைல் நம்பரும் கொடுத்தாள். ஒன்று என்னுடையது, இன்னொன்று அவனுடையது.

பிப்ரவரி பதினெட்டு, புதன்கிழமை, மூன்றரை மணி. ஆபீஸுக்கு வெளியே இரானி சாய்க் கடையில் ராகவேந்திராவும் நானும் நின்றுகொண்டிருந்தபோது என் நோக்கியா துடித்தது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்:

‘சார், நாளை 11-12 ரெஃபரன்ஸ் கால் வரும். ஹெச்.ஆர். ரஷ்மி. ரோல்: டெஸ்ட் லீட், ஆன்-கால் ட்யூட்டி உண்டு. என் லீவ், ஹேண்டோவர், அட்டெண்டென்ஸ் பத்தி மட்டும் சொல்லுங்கோ ப்ளீஸ். ஹம்ஸினி.’

படித்து முடிப்பதற்குள் அவன் ஃபோனும் துடித்தது. பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“உனக்கும் வந்துச்சா? பாரு, இந்தப் பொண்ணு நமக்கே பாடம் எடுக்குதுப்பா” என்று ஃபோனை என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

‘ராகவ், நாளை 11-12 ரெஃபரன்ஸ் கால். ஹெச்.ஆர். ரஷ்மி. ரோல்: டெஸ்ட் லீட். 2008ல இருந்து 5 பேர் டீம் லீட் பண்ணினது, கிளையன்ட் கால்ஸ், ரிலீஸ் சைன்-ஆஃப் சொல்லுங்கோ. தேங்க்ஸ். ஹம்ஸினி.’

அவன் ராகவ், நான் சார். சரி, மரியாதை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவனுக்குத் தலைமை, கிளையன்ட், சாஃப்ட்வேரை வெளியே விடலாம் என்று ஒப்புதல் கொடுக்கிற சைன்-ஆஃப். எனக்கு? அட்டெண்டென்ஸ்! ஒரு வருஷம் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தவன் சொல்ல வேண்டியது, பிள்ளை ஒழுங்காகப் பள்ளிக்கூடம் வந்தது என்று. அதிலும் ‘மட்டும்’ என்று ஒரு வார்த்தை.

“உனக்கு என்ன எழுதியிருக்கா?” என்று கேட்டான் ராகவேந்திரா.

“அதே மாதிரிதான்” என்று ஃபோனைப் பாக்கெட்டில் போட்டேன்.

“காய்கூ, எதுக்கு டென்ஷன் எடுக்கறே? ரெண்டு பேரும் நல்லா சொல்லிருவோம். பொண்ணுக்கு இது கிடைச்சே ஆகணும் இருதயம்” என்றான். பிஸ்கெட்டை டீயில் நனைத்து நிம்மதியாகத் தின்றான்.

சாயந்திரம் வீட்டுக்குப் போனதும் ராஜம் என் முகத்தைப் பார்த்தாள். அவளிடம் எதையும் மறைக்க முடியாது. மெசேஜைக் காட்டினேன். ராகவேந்திராவின் மெசேஜையும் சொன்னேன், ஒரு எழுத்து விடாமல். அது மனப்பாடமாகியிருந்தது.

“அதுக்கா மூஞ்சிய உர்ருன்னு வச்சிருக்கிய? அவ கேட்டதைச் சொல்லிட்டு வேலையப் பாருங்க.”

“ஏட்டி, நான் என்ன வாட்ச்மேனா, அவ எத்தனை மணிக்கு வந்தான்னு சொல்றதுக்கு?”

“வயித்தெரிச்சல்!” என்றாள் ராஜம். சப்பாத்தியைத் திருப்பிப்போட்டாள். “அவருக்குப் பெரிய இலை போட்டாச்சு, நமக்குச் சின்ன இலைன்னு எரியுது. அந்தப் புள்ளைக்கு வேலை போவப் போவுது, இவுகளுக்கு இலை முக்கியம்.”

“நான் அவளுக்கு நல்லதுதான் செய்யப் போறேன். அவன் சொல்றதைவிட நான் நல்லா சொல்லுவேன்.”

“ஒண்ணும் கிழிக்க வேண்டாம். கேட்டதை மட்டும் சொல்லுங்க.”

அவளும் ‘மட்டும்’ என்றாள். அத்தோடு நான் முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் பதினொன்று இருபதுக்கு அழைப்பு வந்தது. கம்பெனிக்குத் தெரிந்து நடக்கிற காரியம் இல்லையே, எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய் எடுத்தேன். ரஷ்மி என்ற அந்தப் பெண் இங்கிலீஷில் தணிவாகப் பேசினாள். நான் இங்கே தமிழில் சொல்கிறேன்.

“ஹம்ஸினி உங்களிடம் எந்தக் காலத்தில் வேலை பார்த்தார்?”

“2003-லிருந்து. உண்மையைச் சொன்னால் இன்றைக்கு வரைக்கும் என் வழிகாட்டல்தான்.”

“இன்றைக்கு வரைக்கும் நேரடியாக உங்களுக்குக் கீழேயா?”

“அப்படித்தான் வைத்துக்கொள்ளுங்களேன்.”

“டீமை எப்போதிலிருந்து லீட் செய்கிறார்?”

“2006-லேயே! எட்டுப் பேரைக் கொடுத்தேன். கிளையன்ட் கால் எல்லாம் நான்தான் பழக்கினேன். ரிலீஸ் சைன்-ஆஃப் அவள்தான்.” வாய்க்கு வந்ததை அடித்துவிட்டேன். 2006-இல் அவளுக்குக் கீழே ஒரு ஈ, காக்கை கிடையாது. ஆனால் சொல்லச் சொல்ல எனக்கு அது உண்மை மாதிரியே இருந்தது. ராகவேந்திரா ஐந்து பேர் என்பான், நான் எட்டு.

அவள் கீபோர்டில் தட்டும் சத்தம் கேட்டது.

“நன்றி. 2007-இல் நாலு மாதம் லீவில் இருந்ததாக அவரே சொன்னார். இந்த வேலையில் ஆன்-கால் உண்டு. சனி, ஞாயிறு அழைத்தாலும் வர வேண்டும். அந்த லீவு சமயத்தில் வேலை எப்படி நடந்தது, அதற்குப் பிறகு வருகை எப்படி என்று நீங்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.”

பாருங்கள், அவளும் அட்டெண்டென்ஸுக்கே வருகிறாள்! எனக்குச் சுரீர் என்று ஏறியது.

“அதெல்லாம் சின்ன விஷயம் மேடம். ஏதோ வீட்டுப் பிரச்சினை. அதை விடுங்கள். அவள் லீடர்ஷிப்பைப் பற்றிக் கேளுங்கள்.”

“வீட்டுப் பிரச்சினை இன்னும் இருக்கிறதா?”

“அது எனக்கெப்படித் தெரியும்? அவள் சொந்த விஷயம்.”

மறுபடி கீபோர்டில் தட்டினாள். “கடைசியாக ஒன்று. வாய்ப்பு வந்தால் மறுபடியும் அவரை வேலைக்கு எடுப்பீர்களா?”

“கண்ணை மூடிக்கொண்டு!” என்றேன். ஃபோனை வைத்தபோது ஒரு பரீட்சையில் நூற்றுக்கு நூற்றுப்பத்து வாங்கிய மாதிரி இருந்தது. இடத்துக்கு வந்து ஒரு முழு பாட்டில் தண்ணீர் குடித்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஹம்ஸினி என் இடத்துக்கு வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“ஹோல்டுல போட்டுட்டா சார்.”

“என்னது?”

“ரெண்டு ரெஃபரன்ஸும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகலையாம். யார் என்ன சொன்னான்னு சொல்ல மாட்டேங்கறா. அவைலபிலிட்டி பத்தி ஒருத்தர் நழுவுற மாதிரி பதில் சொல்லியிருக்காராம். அதை அவா ரொம்பப் பெருசா எடுத்துண்டுட்டா. மேனேஜர்கிட்ட கேட்டுட்டுத் திங்கள்கிழமை சொல்றாளாம். எனக்குத் தெரியும், அது நோதான்.”

வாயைத் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

“மூணு இன்டர்வியூலயும் இதையேதான் கேட்டா சார். நாலு மாசம் ஏன், மறுபடி அப்படி ஆனா என்ன பண்ணுவே, ஆம்படையான் இப்போ எப்படி இருக்கார்... மத்ததெல்லாம் பேப்பர்லயே இருக்கு, யார் வேணா சொல்லலாம். லீவைப் பத்தி சொல்ல உங்க ஒருத்தரைத் தவிர எனக்கு யார் இருக்கா? அந்த ஹேண்டோவரைப் பார்த்தது நீங்கதானே. அதனாலதான் அதை மட்டும் உங்ககிட்ட விட்டேன். மெசேஜுல இடமில்லை, இல்லேன்னா எல்லாத்தையும் விளக்கி எழுதியிருப்பேன்.”

நான் மேஜை மேலிருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்து திறந்து மூடினேன்.

“நீங்க கரெக்டா சொல்லியிருப்பேள். ராகவ்தான். அவர்கிட்ட கேட்டிருப்பா, விளையாட்டுத்தனமா ஏதோ உளறியிருக்கார். ஆறு வருஷத்துல நீங்க என்னைக்கு என்னை விட்டுக்கொடுத்திருக்கேள்? நான்தான் அவரையும் நம்பினேன், சாவனி.” கடைசி வார்த்தை தெலுங்கில் வந்தது. செத்துத் தொலையட்டும் என்று அர்த்தம்.

இப்போது நான் எழுதப்போவதைப் படித்துவிட்டு என்னைக் காறித் துப்பினாலும் பரவாயில்லை. அந்த நிமிஷம் எனக்கு இனித்தது. அவள் வேலை தொங்கிக்கொண்டிருக்கிறது, அதைத் தொங்கவிட்டவன் நான், ஆனாலும் ‘ராகவ்தான்’ என்று அவள் வாயிலிருந்து வந்ததும் ஒரு கரண்டி பாயசம் இறங்கிய மாதிரி உள்ளே குளிர்ந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்த வார்த்தை. “சரி, அழாதே, பார்க்கலாம்” என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் எழுந்து போனாள்.

ராஜத்திடம் சனிக்கிழமை காலையில்தான் சொன்னேன். குழந்தைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பின்னலைப் பாதியில் விட்டுவிட்டு என்னையே பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை.

“அந்தப் புள்ள ஆஸ்பத்திரில உக்காந்து எழுதினதை நீங்கதானே இங்க கொண்டாந்து எனக்கு வாசிச்சுக் காட்டினீங்க? பாரு பாருன்னு. அதை ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா?”

“வரலை.”

“இப்ப ஃபோனப் போடுங்க அந்த ரஷ்மிக்கு. நான் இங்கயேதான் நிக்கப் போறேன்.”

“சனிக்கிழமைல அவ எடுப்பாளா?”

“ஏங்க!” என்றாள். அவ்வளவுதான். டயல் செய்தேன்.

ரஷ்மி எடுத்தாள். பின்னால் ஏதோ கடையின் இரைச்சல். நான் யாரென்று சொன்னதும் ஓரமாக ஒதுங்கினாள் போல, சத்தம் குறைந்தது.

“நான் வியாழக்கிழமை சொன்னதில் பாதி பொய்” என்றேன். “அவள் என்னிடம் இருந்தது 2008 ஆரம்பம் வரைக்கும்தான். என்னிடம் இருந்தபோது லீட் இல்லை. அவளை லீட் ஆக்கியது ராகவேந்திரா. ஐந்து பேர். கிளையன்ட் கால் பழக்கியதும் அவர்தான்.” ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பல் பிடுங்குகிற வலி. அப்புறம் லீவைப் பற்றிச் சொன்னேன். லாரியைச் சொன்னேன், ஆபரேஷனைச் சொன்னேன், பதினோரு பக்கத்தைச் சொன்னேன், தள்ளிப்போகாத ரிலீஸ்களைச் சொன்னேன், அதற்குப் பிறகு ஒரு நாள் லீவு எடுக்காத ஒன்றரை வருஷத்தைச் சொன்னேன். மாதவ் இப்போது நன்றாக நடக்கிறார் என்றும் சொன்னேன். ராஜம் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

“ஒருவர் பேச்சை மாற்றினால், மாற்றினார் என்றும் நான் எழுத வேண்டும்” என்றாள் ரஷ்மி. “முதலில் ஏன் அப்படிச் சொன்னீர்கள்?”

“பொறாமை” என்றேன். “அவள் மேல் இல்லை. இன்னொரு ரெஃபரன்ஸ் மேல்.”



“இதை நான் சொல்லக் கூடாது” என்றாள் ரஷ்மி. “ராகவேந்திராவிடமும் லீவைப் பற்றிக் கேட்டேன். அந்தச் சமயத்தில் அவள் என் டீமில் இல்லை, தெரியாததை நான் சொல்லக் கூடாது, இருதயராஜைக் கேளுங்கள் என்றார். இன்றைக்கு அவள் என்னவாக இருக்கிறாளோ, அது அந்த மனுஷன் கையால் ஆனது, எனக்கு முழுக்கத் தேறிய ஆளாகத்தான் கிடைத்தாள் என்றும் சொன்னார். அதனால்தான் உங்கள் பதில் எனக்கு விசித்திரமாக இருந்தது. சரி, எழுதிக்கொள்கிறேன். முடிவு மேனேஜர் கையில்.”

ஃபோனை வைத்தேன். என்ன சொன்னாள் என்று ராஜம் கேட்டாள். சொன்னேன். “மனுஷன்யா அவரு” என்றாள் ராஜம். அதைக்கூட அவனைப் பற்றித்தான் சொன்னாள்.

திங்கள்கிழமை சாயந்திரம் ஹம்ஸினிக்கு மெயில் வந்துவிட்டது. வேலை அவளுக்குத்தான். மார்ச் பதினாறு சேர வேண்டும். செவ்வாய்க்கிழமை காலையில் ஸ்வீட் பெட்டியோடு நேராக என்னிடம் ஓடிவந்தாள். நான் ஒன்றை எடுக்கப்போனால், இரண்டை என் கையில் திணித்தாள்.

“நீங்கதானே சார்? எனக்குத் தெரியும்! ஒரு ரெஃபரன்ஸ் அவராவே திரும்பக் கூப்பிட்டு லீவைப் பத்தி முழுக்க சொன்னாராம். மேனேஜருக்கு அந்த ஹேண்டோவர் விஷயம் ரொம்பப் பிடிச்சுப்போச்சாம். மாதவ் உங்க கால்ல விழணும்னு சொல்றார்.”

“உக்காரு” என்றேன்.

அவள் உட்காரவில்லை. சந்தோஷத்தில் நிலைகொள்ளாமல் நின்றாள். “அந்த ராகவை வெள்ளிக்கிழமையே போய்க் கேட்டுட்டேன் சார். டீம் எல்லார் எதிர்லயும். ‘ஒரு உதவி கேட்டா குழி தோண்டறேளே, இதுக்கா உங்களுக்கு அவ்வளவு உழைச்சேன்’னு. மனுஷன் பதிலே பேசலை. முகம் செத்துப்போச்சு. தப்புப் பண்ணினவர்தானே? எப்படிப் பேசுவார்? இனிமே அந்த ஆள் மூஞ்சியிலேயே முழிக்க மாட்டேன். என் வாழ்க்கையில நீங்க ஒருத்தர்தான் சார்.”

நான் ஆசைப்பட்டதெல்லாம் என் கையில் இருந்தது. ‘நீங்க ஒருத்தர்தான்.’ வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், காலத்துக்கும் என்னுடையது. அவளுக்கு வேலையும் கிடைத்துவிட்டது, யாருக்கும் நஷ்டமில்லை என்று மனசு கணக்குப் போட்டது. அவன் ஏன் பதில் பேசவில்லை என்றும் மனசு கேட்டது. தான் நழுவவில்லை என்று அவனுக்குத் தெரியும். அப்படியானால் நழுவியது யார் என்பதும் தெரியும். டீம் எல்லார் எதிரிலும் வாங்கிக்கட்டிக்கொண்டு, என் பெயரைச் சொல்லாமல் நின்றிருக்கிறான், பாவி.

“ஹம்ஸினி, குழி தோண்டினது நான்” என்றேன்.

அவள் சிரித்தாள். “என்ன சார் விளையாட்டு?”

விளையாட்டில்லை என்று சொன்னேன். சாய்க் கடையில் பார்த்த இரண்டு மெசேஜையும் சொன்னேன். அட்டெண்டென்ஸ் என்றதும் எனக்கு எரிந்ததைச் சொன்னேன். எட்டுப் பேரைச் சொன்னேன். ‘ஏதோ வீட்டுப் பிரச்சினை’ என்று சொன்னதை அப்படியே சொன்னேன். வெள்ளிக்கிழமை அவள் அழுதபோது தெரிந்தே பேசாமல் இருந்ததையும் சொன்னேன். அவள் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல்போனது.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். தெலுங்கில் திட்டுவாள், ஆபீஸே திரும்பிப் பார்க்கும், பார்க்கட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அந்தத் திட்டாவது எனக்கென்று வரும்.

ஒன்றும் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது அவள் என் மேஜையிலிருந்து ஸ்வீட் பெட்டியை எடுத்து மூடிக்கொண்டிருந்தாள். மூடியதும் திரும்பி, கிட்டத்தட்ட ஓட்டமாக ராகவேந்திராவின் அறைக்குப் போனாள். கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்தது. அவள் இரண்டு கையையும் கூப்பி அழுதுகொண்டிருந்தாள். அவன் பதறி எழுந்து, வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினான். நான் இங்கே நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மன்னிப்புக் கேட்பதற்குக்கூட அவனிடம் ஓட ஆள் இருக்கிறது. என்னைத் திட்டுவதற்கு யாரும் ஒரு நிமிஷம் நிற்கவில்லை. அதற்கும் எனக்கு வயிறு எரிந்தது.